படத்தில் வந்த வினாவும் வரி விளம்பரமும்: சொற்களை எப்படி எண்ணுகிறார்கள்?

இரணியல் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் நடந்த தமிழ்த் திருப்புதல் தேர்வில், வரி விளம்பரம் எழுதும் வினாவுக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டுதான் கிடைத்தது. விடையின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் "சொல் வரம்பு மீறல்" என்று எழுதியிருக்கிறார். வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால் அவள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தாள். அந்தப் படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். தாள் மடிந்த இடத்தில் நிழல் விழுந்து இரண்டு மூன்று எழுத்துகள் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் வினா இதுதான்:

"நாகர்கோவில் வடசேரியில் உங்கள் பெற்றோருக்குச் சொந்தமான வீட்டின் முதல் மாடி வாடகைக்கு விடப்பட உள்ளது. நாளிதழில் வெளியிடுவதற்குரிய வரி விளம்பரத்தை 25 சொற்களுக்கு மிகாமல் எழுதுக. வாடகை, முன்பணம், தொடர்பு எண் ஆகியவற்றை நீங்களே அமைத்துக்கொள்க."

அவள் எழுதிய விடை:

"நாகர்கோவில் மாநகரில் உள்ள வடசேரி பகுதியில் எங்களுக்குச் சொந்தமான அழகிய வீட்டின் முதல் மாடியானது வாடகைக்கு விடப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம். இவ்வீட்டில் இரண்டு படுக்கை அறைகள், ஒரு சமையல் அறை மற்றும் ஒரு கூடம் ஆகியவை உள்ளன. தண்ணீர் வசதியும் மின்சார வசதியும் உண்டு. பேருந்து நிலையம் மிக அருகில் உள்ளது. விருப்பம் உள்ளவர்கள் கீழ்க்காணும் எண்ணில் தொடர்பு கொள்ளவும்."

பிழையில்லாமல்தானே எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் சொற்களை எப்படித்தான் எண்ணுகிறார்கள்? "தெரிவித்துக் கொள்கிறோம்" என்பது ஒரு சொல்லா, இரண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த தேர்வுக்கு உதவியாக இருக்கும்.

எண்ணிக்கை விரும்பி

அம்மா, இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. எண்ணுவது இடைவெளியைத்தான், சொல்லை அல்ல. கணினியில் தட்டச்சு செய்து பார்த்தால் அது இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே இருப்பதை ஒரு சொல்லாகக் காட்டும். உங்கள் மகளின் விடையை அப்படி எண்ணினால் 45 வருகிறது. ஆகவே சொற்களைச் சேர்த்து எழுதக் கற்றுக்கொடுங்கள். "தண்ணீர்வசதிமின்வசதி" என்று எழுதினால் ஒன்று. "வடசேரிபேருந்துநிலையம்அருகில்" என்று எழுதினால் அதுவும் ஒன்று. தமிழ் ஒட்டுமொழி என்பதால் இலக்கணமே இதற்கு இடம் தருகிறது. தலைப்பையும் தொலைபேசி எண்ணையும் எந்த ஆசிரியரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்படி எழுதினால் 45 சொற்களும் 25க்குள் அடங்கிவிடும்.

கொல்லங்கோடு வாசகர்

வினாவைப் படத்தில் பார்த்தேன். வீடு தேவை என்பவர் தரும் விளம்பரம் என்று நினைக்கிறேன். அதனால் இப்படி எழுதலாம்: "வடசேரியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடு வாடகைக்குத் தேவை. சிறிய குடும்பம். மது, புகைப் பழக்கம் இல்லை. அரசு ஊழியர். உடனே தொடர்புகொள்க." கண்ணைக் கவரும்படி பெரிய எழுத்தில் ஒரு முழக்கத் தொடரை மேலே போட்டு, வண்ணப் பென்சிலால் கட்டம் கட்டினால் மதிப்பெண் கூடும்.

வடிவீஸ்வரம் டீச்சர்

கொல்லங்கோடு வாசகர் அவர்களே, படத்தில் அந்த வரியை மீண்டும் ஒருமுறை பாருங்கள். "விடப்பட உள்ளது" என்றுதான் இருக்கிறது. நிழல் "விடப்பட" என்ற சொல்லின் பாதியை மறைத்துவிட்டது. வீட்டை வாடகைக்கு விடுபவர் எழுதும் விளம்பரத்துக்கும் வீடு தேடுபவர் எழுதும் விளம்பரத்துக்கும் உள்ளடக்கமே வேறு. தேடுபவர் தம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். விடுபவர் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முழக்கத் தொடரும் வண்ணக் கட்டமும் துணிக்கடை விளம்பரத்துக்கு உரியவை. வரி விளம்பரம் என்பது நாளிதழில் ஒரே எழுத்தளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அச்சிடப்படுவது. அதில் அழகுபடுத்த இடமே கிடையாது.

இரணியல் சகோதரி, நான் முப்பது ஆண்டுகளுக்குமேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். இத்தகைய விடைகளை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். முதலில் எண்ணிக்கைக்கு வருகிறேன். இடைவெளியைக் கொண்டு எண்ணுவது பெரும்பாலும் சரிதான். திருத்துபவரும் கண்ணால் அப்படித்தான் எண்ணுகிறார். ஆனால் எந்தச் சொற்களைச் சேர்த்து எழுதலாம் என்பதை எண்ணிக்கை விரும்பி அவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. "படுக்கை" என்பதோடு "அறை" சேரும்போது யகர உடம்படுமெய் தோன்றிப் "படுக்கையறை" என்று ஒரே சொல்லாகிறது. "சமையலறை"யும் ஒரே சொல்தான். "தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதில் "கொள்" துணைவினை. அதைச் சேர்த்து எழுதுவதே முறை. "தொடர்புகொள்ளவும்", "விருப்பமுள்ளவர்கள்" ஆகியவற்றையும் சேர்த்து எழுதலாம். "வடசேரிபேருந்துநிலையம்அருகில்" என்பதை ஒரு சொல் என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நான் திருத்தினால் அதை நான்காக எண்ணுவதோடு, பிழை என்று கோடும் போடுவேன்.

இப்போது உங்கள் மகளின் விடையில் நான் சொன்ன ஐந்து இடங்களையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். 45 என்பது 40 ஆகிறது. அவ்வளவுதான். ஆகவே சிக்கல் சேர்த்து எழுதுவதிலோ பிரித்து எழுதுவதிலோ இல்லை. "என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக் கொள்கிறோம்" என்ற தொடரில் வீட்டைப் பற்றிய செய்தி ஒன்றுகூட இல்லை. அது திருமண அழைப்பிதழின் நடை. "மாநகரில் உள்ள", "பகுதியில்", "எங்களுக்குச் சொந்தமான", "அழகிய", "ஆகியவை உள்ளன", "உள்ளது" ஆகிய அனைத்தையும் எடுத்துவிட்டாலும் படிப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. மின்சாரம் இல்லாத மாடியை நாகர்கோவிலில் யாரும் வாடகைக்கு விடுவதில்லை என்பதால் "மின்சார வசதியும்" என்பதும் வீண்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விடையை மீண்டும் படித்துப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்று எங்கும் இல்லை. முன்பணமும் இல்லை. "கீழ்க்காணும் எண்ணில்" என்கிறாள். கீழே எண்ணே இல்லை. வினா இந்த மூன்றையும் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறது. 45 சொற்கள் செலவழித்தும் அந்த வீட்டுக்கு வரவிரும்புபவர் யாரை அழைப்பது என்று தெரியவில்லை. ஓரத்தில் என்ன எழுதப்பட்டிருந்தாலும், மதிப்பெண் குறைந்தது இதனால்தான் என்று கருதுகிறேன்.

மார்த்தாண்டம் முகவர்

டீச்சர் சொன்னதை என் தொழில் அனுபவத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு விளம்பர முகவர் அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாளிதழ்களுக்கான வரி விளம்பரங்களை வாங்குவதே என் வேலை. எங்களிடம் கட்டம் போட்ட படிவம் இருந்தது. ஒரு கட்டத்தில் ஒரு சொல். குறிப்பிட்ட எண்ணிக்கை வரை ஒரே கட்டணம், அதற்குமேல் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் கட்டணம். தொலைபேசி எண் முழுவதும் ஒரு கட்டம். தொகை ஒரு கட்டம். இரண்டு சொற்களை நெருக்கி ஒரே கட்டத்தில் எழுதிக் கொண்டுவருபவர்கள் உண்டு. பிரித்து எழுதிக்காட்டிப் பணம் வாங்குவோம்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர் வள்ளத்து எஞ்சின் விற்க வந்தார். எந்த ஆண்டு வாங்கினார், ஏன் விற்கிறார், மகன் வெளிநாடு போனது என்று அறுபது சொற்களுக்குமேல் எழுதியிருந்தார். நான் படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "அண்ணன், வாங்க வருகிறவர் உங்களிடம் முதலில் என்ன கேட்பார்?" என்று கேட்டேன். "எத்தனை குதிரைத்திறன், எத்தனை வருடம் ஓடியது, என்ன விலை" என்றார். அதையே எழுதச் சொன்னேன். பதினாறு சொற்களில் முடிந்தது. மகன் வெளிநாடு போன கதையை எடுத்தபோது அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தேர்வுக்கும் உண்மையான நாளிதழுக்கும் ஒரு வேறுபாடு உண்டு; அதை மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். நாளிதழில் "வாடகைக்கு" என்ற பொதுத் தலைப்பின் கீழ்தான் எல்லா வீடுகளும் வரும். அதனால் விளம்பரம் தருபவர் அந்தச் சொல்லை மீண்டும் எழுதவேண்டியதில்லை. ஊர்ப் பெயரில் தொடங்கினால் போதும். தேர்வுத் தாளில் அந்தப் பொதுத் தலைப்பு கிடையாது. அங்கே "வாடகைக்கு" என்று மாணவரே எழுதியாகவேண்டும். இல்லாவிட்டால் அந்த விளம்பரம் எதற்கென்றே தெரியாது.

ஆசாரிபள்ளம் செவிலி

நான் விளம்பரம் எழுதுபவள் அல்ல, படித்து வீடு தேடுபவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மருத்துவமனைப் பணி மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் நான்கு வீடுகள் மாறியிருக்கிறேன். விளம்பரத்தில் முதலில் இடத்தைப் பார்ப்பேன், அடுத்து வாடகை. வாடகை போடாத விளம்பரத்துக்கு நான் அழைப்பதே இல்லை. கேட்டால் வேறு ஒரு தொகை வரும்.

இன்னொன்று. மகளின் விடையில் "பேருந்து நிலையம் மிக அருகில்" என்று இருக்கிறது. நாகர்கோவிலில் அப்படி எழுதினால் எதுவும் விளங்காது. வடசேரியில் ஒரு பேருந்து நிலையம், மீனாட்சிபுரத்தில் அண்ணா பேருந்து நிலையம் என்று இரண்டு இருக்கின்றன. தொடர்வண்டி நிலையமும் அப்படித்தான். சந்திப்பு ஒன்று, டவுன் ஒன்று. ஒருமுறை "பேருந்து நிலையம் அருகில்" என்ற விளம்பரத்தை நம்பி, இரவுப் பணி முடித்த காலையில் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கி அழைத்தேன். வீடோ வடசேரியில் இருந்தது. விளம்பரம் தந்தவர் வடசேரி என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். மகள் வடசேரி என்ற பெயரை முதல் வரியிலும் பேருந்து நிலையத்தை நான்காவது வரியிலும் தனித்தனியாக வைத்ததால் அதே குழப்பம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெளிவாகும், சொல்லும் மிச்சமாகும்.

வடிவீஸ்வரம் டீச்சர்

மிகச் சரியான குறிப்பு, மகளே. நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது 25 சொற்களுக்குள் ஒரு மாதிரியை எழுதிப் பார்க்கிறேன். தொலைபேசி எண்ணை இங்கே மறைத்திருக்கிறேன். தேர்விலும் சொந்த எண்ணை எழுதக்கூடாது, கற்பனை எண்ணே எழுதவேண்டும்.

"வாடகைக்கு: நாகர்கோவில், வடசேரி பேருந்து நிலையம் அருகில், முதல் மாடி. இரு படுக்கையறைகள், கூடம், சமையலறை, கிணற்று நீர், தனி மின்மீட்டர். குடும்பத்தினர் மட்டும். மாத வாடகை ரூ.9,000, முன்பணம் ரூ.50,000. தொடர்புக்கு: 9×××××××××"

எண்ணிப் பாருங்கள், சரியாக 25. இதில் வினைமுற்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும் என்பதால் "உள்ளது", "உண்டு", "ஆகும்" இல்லாமலே தொடர் முழுமையாக விளங்குகிறது. வேற்றுமை உருபும் நமக்குத் துணை செய்கிறது. "வாடகைக்கு", "தொடர்புக்கு" என்பவற்றில் இறுதியில் நிற்கும் "கு" என்ற உருபு, விடப்படும், கொள்ளவும் என்ற சொற்களின் வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் வசதி என்பதற்குப் பதிலாகக் கிணற்று நீர் என்று எழுதினேன். இரண்டும் இரண்டு சொற்கள்தாம், ஆனால் பின்னது கோடையில் குழாயை நம்பியிருக்கவேண்டியதில்லை என்ற செய்தியையும் தருகிறது. அதுபோலத் தனி மின்மீட்டர் என்பதும், கட்டணத்தைக் கீழ்வீட்டாருடன் பங்கிட வேண்டியதில்லை என்று சொல்லிவிடுகிறது.

எண்ணிக்கை விரும்பி

டீச்சர், உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஒட்டி எழுதும் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாதிரியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. "ரூ.9,000" என்பதை ஒரு சொல் என்று எண்ணியிருக்கிறீர்கள். திருத்துபவர் "ரூ." தனி, "9,000" தனி என்று எண்ணினால் 27 ஆகிவிடும். விளிம்பிலேயே நிற்கலாமா? "இரு படுக்கையறைகள், கூடம், சமையலறை" என்ற நான்கு சொற்களுக்குப் பதிலாக "2 பி.எச்.கே." என்று இரண்டில் முடிக்கலாமே, நாளிதழ்களில் அப்படித்தான் வருகிறது.

வடிவீஸ்வரம் டீச்சர்

ரூபாய்க் குறி பற்றி நீங்கள் சொன்னது சரி. வரம்பைத் தொட்டு நிற்கக்கூடாது. இரண்டு சொற்களாவது குறைவாக இருப்பதே பாதுகாப்பு. "மாத" என்பதை எடுத்துவிடலாம், ஏனென்றால் வீட்டு வாடகை மாதத்துக்குத்தான் பேசப்படுகிறது. "கூடம்" என்பதையும் எடுக்கலாம். 23 ஆகும், எப்படி எண்ணினாலும் 25க்குள் நிற்கும்.

"பி.எச்.கே." என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நாளிதழில் அது செல்லும். ஆனால் இது மொழித்தாள். பிறமொழிச் சுருக்கம் எழுதினால் மொழிநடைக்குரிய மதிப்பெண் போய்விடும். இரண்டு சொல் மிச்சப்படுத்தி ஒரு மதிப்பெண்ணை இழப்பதில் பொருளில்லை.

திங்கள்சந்தை வியாபாரி

நமது மாவட்டத்தில் பலரும் வீட்டை ஒற்றிக்குத்தானே விடுகிறார்கள்? மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாத வாடகை என்ற பேச்சே இல்லை. "ஒற்றி ரூ.5,00,000" என்று எழுதினால் வாடகை, முன்பணம் என்ற நான்கு சொற்கள் இரண்டாகிவிடும். பத்து ஆண்டுகளாக என் கடைமாடியை அப்படித்தான் விட்டுவருகிறேன்.

வடிவீஸ்வரம் டீச்சர்

சொல் கணக்கில் நீங்கள் சொல்வது உண்மை, அண்ணன். ஆனால் வினாவில் வாடகை என்றும் முன்பணம் என்றும் தெளிவாக இருப்பதால் இங்கே அதற்கு இடமில்லை. வினாவை மாற்றி விடை எழுதினால் எத்தனை சொல் மிச்சமானாலும் பயனில்லை.

ஆசாரிபள்ளம் செவிலி

இன்னொரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை, டீச்சர். "குடும்பத்தினர் மட்டும்" என்பதை ஏன் சேர்த்தீர்கள்? வினா அதைக் கேட்கவில்லை. என்னைப் போன்று தனியாக வேலை பார்க்கும் பெண்கள் அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் விளம்பரத்தைக் கடந்துவிடுகிறோம். பதினாறு வயதுப் பிள்ளை தானாகவே எழுதிப் பழகவேண்டிய தொடரா அது? வேறு பயனுள்ள செய்திக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம்.

மார்த்தாண்டம் முகவர்

எங்களிடம் வந்த வீட்டு விளம்பரங்களில் பாதிக்குமேல் அந்தத் தொடர் இருக்கும். வீட்டுக்காரர் அப்படி நினைத்தால் எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அழைத்தவர்களுக்கும் அவருக்கும் நேரம் வீண். தேர்வு விடையில் தேவையா என்பதை டீச்சர்தான் சொல்லவேண்டும்.

வடிவீஸ்வரம் டீச்சர்

வழக்கமாக வரும் தொடர் என்பதால் கை தானாக எழுதிவிட்டது. வினா கேட்காத நிபந்தனை என்பது உண்மைதான். அது இருந்தாலும் மதிப்பெண் குறையாது; இல்லாவிட்டாலும் குறையாது. மாணவி முடிவு செய்யட்டும்.

இரணியல் தாய்

எல்லோருக்கும் நன்றி. ஒரு புதுச் செய்தி. மகளின் தோழி எடுத்த படம் தெளிவாக இருக்கிறது; இப்போதுதான் அனுப்பினாள். அதில் 25 அல்ல, 35 என்று இருக்கிறது. நிழல் விழுந்த இடத்தில் 3 என்பதை நான் 2 என்று படித்துவிட்டேன். உங்களையெல்லாம் வீணாக 25க்குள் எழுதவைத்ததற்கு வருந்துகிறேன். இனி அந்தப் பத்துச் சொற்களை எப்படிப் பயன்படுத்துவது? இன்னொரு கேள்வியும் உண்டு. வரம்பை மீறினால் மொத்தமாகக் குறைப்பார்களா, மீறிய பகுதியை மட்டும் விட்டுவிடுவார்களா?

வடிவீஸ்வரம் டீச்சர்

வருந்தவேண்டாம். மடிந்த தாளைப் படம் எடுத்தால் எண்தான் முதலில் போகும்; வினாத்தாளை மேசையில் நீவி விரித்து, சன்னல் வெளிச்சத்தை எதிரே வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஆசிரியர்களிடையே ஒரே வழக்கம் இல்லை. நான் ஐந்தாறு சொல் மிகுந்தால் பொருட்படுத்தமாட்டேன். என்னுடன் பணிபுரிந்த ஒருவர் வரம்பு முடியும் சொல்லுக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்து, அதற்குமேல் படிக்கவேமாட்டார். அவர் உங்கள் மகளின் விடையைத் திருத்தியிருந்தால் 35ஆவது சொல்லாகிய "பேருந்து" என்பதோடு நிறுத்தியிருப்பார். நிலையமும், தொடர்புகொள்ளச் சொல்லும் கடைசி வரி முழுவதும் கோட்டுக்கு வெளியே போயிருக்கும். தொடர்பு எண் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. ஆகவே வரம்பு மீறினால் முதலில் பலியாவதும் அதுதான்.

பத்துச் சொற்கள் கூடுதலாகக் கிடைத்ததும் "அழகிய", "காற்றோட்டமான" என்று நிரப்ப மனம் வரும். அப்படிச் செய்யவேண்டாம். வீடு தேடுபவர் தொலைபேசியில் கேட்கக்கூடிய அடுத்த கேள்விகளுக்கு விடை சொல்லலாம். எப்போது குடிவரலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா, எந்த நேரத்தில் அழைக்கலாம். மகளையே எழுதச் சொல்லி இங்கே போடுங்கள்.

இரணியல் தாய்

மகள் எழுதியது:

"வாடகைக்கு: நாகர்கோவில், வடசேரி பேருந்து நிலையம் அருகில், முதல் மாடி. இரு படுக்கையறைகள், கூடம், சமையலறை, கிணற்று நீர், தனி மின்மீட்டர், இருசக்கர வாகனம் நிறுத்த இடம். ஜூன் முதல் குடியேறலாம். வாடகை ரூ.9,000, முன்பணம் ரூ.50,000. தொடர்புக்கு: 9×××××××× மாலை 5 மணிக்குமேல்."

குடும்பத்தினர் மட்டும் என்பதை அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். செவிலி அக்கா எழுதியதை அவளும் படித்தாள்.

வடிவீஸ்வரம் டீச்சர்

நன்றாக இருக்கிறது. நான் எண்ணியதில் 32. திருத்துபவர் எவ்வளவு கடுமையாக எண்ணினாலும் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடங்களில் "ரூ." என்பதைத் தனியாக எண்ணினால் 34. "மணிக்குமேல்" என்பதை "மணிக்கு", "மேல்" என்று பிரித்து எண்ணினால் 35. அதற்குமேல் எண்ண வழியில்லை. "குடியேறலாம்" என்ற ஒரே வினைமுற்று, "ஜூன் முதல்" என்பது எதைக் குறிக்கிறது என்ற ஐயத்தைப் போக்குவதால் அந்த இடத்துக்குத் தேவையானது.

எண்ணிக்கை விரும்பி

"வாடகைக்கு" என்ற தலைப்பைத் தனி வரியில் எழுதினால் அது கணக்கில் வராது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள்.

வடிவீஸ்வரம் டீச்சர்

அப்படிக் கற்பித்தவர்களும் உண்டு. நான் சேர்த்தே எண்ணுவேன். இதில் எது முடிவானது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மாணவி தன் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

இரணியல் தாய்

இன்று மகள் பள்ளியில் கேட்டுவிட்டாள். அவளுடைய ஆசிரியர் தலைப்பையும் சேர்த்தே எண்ணுகிறாராம். மதிப்பெண்ணை மாற்றவில்லை. டீச்சர் சொன்னதுபோல, வாடகையும் எண்ணும் இல்லாததற்குத்தான் இரண்டு மதிப்பெண் போனதாம். சொல் வரம்புக்கு ஒன்றுதான் குறைத்திருக்கிறார்.

மார்த்தாண்டம் முகவர்

சகோதரி, ஒன்றைக் கேட்கலாமா? எங்கள் அலுவலகத்தில் விளம்பரம் வாங்கியவுடன் தொலைபேசி எண்ணை மட்டும் ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவோம். ஒருமுறை ஒரு இலக்கம் மாறி அச்சாகி, மூன்று நாட்களாகக் கருங்கல்லில் யாரோ ஒரு முதியவருக்கு வீடு கேட்டு அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் மகளின் விளம்பரத்திலும் எண்ணை எண்ணினேன். டீச்சரின் மாதிரியில் பத்து இலக்கங்கள் இருக்கின்றன. மகளுடையதில் எத்தனை என்று பாருங்கள்.

இரணியல் தாய்

எண்ணினோம். ஒன்பதுதான் இருக்கிறது. நோட்டிலும் அப்படியே எழுதிவைத்திருக்கிறாள், இப்போது திருத்திக்கொண்டிருக்கிறாள்.